எஸ்க்ரோவில் நிற்கும் பணம்: விற்றவர் கைக்கு எப்போது வரும்?

சென்னையில் வீடு விற்கிறவர் அட்வான்ஸ் தொகையை அக்ரிமென்ட் போட்ட அன்றே கையில் வாங்கிவிடுகிறார். பெண்ணின் கல்யாணச் செலவுக்கோ, தான் பார்த்து வைத்திருக்கும் இன்னொரு வீட்டின் அட்வான்ஸுக்கோ அதைத் திருப்பியும் விடுகிறார். பேச்சு முறிந்தால் பணத்தைத் திரும்பப் பெற அலைய வேண்டியவர் வாங்க வந்தவர்தான். பணம் விற்பவரிடம் இருக்கிறது; வழக்குப் போடும் வேலை மற்றவருக்கு.

அதே மனிதர் கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் வீட்டை விற்கும்போது இந்த நிலை தலைகீழாகிறது. வாங்குபவரின் முன்பணம் அவர் கைக்கு வருவதே இல்லை. மூன்றாவது ஆளான எஸ்க்ரோ நிறுவனத்தின் கணக்கில் போய் உட்கார்கிறது. வடக்குக் கலிபோர்னியாவில் பெரும்பாலும் டைட்டில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளே இந்த வேலையைப் பார்க்கின்றன; தெற்கே இதற்கென்றே உரிமம் பெற்ற தனி நிறுவனங்கள் நிறைய உண்டு. வாங்குபவர் ஒப்பந்தத்தை மீறி விலகிவிட்டார், முன்பணம் தனக்குத்தான் என்று விற்பவர் நினைக்கிறார். எஸ்க்ரோ ஆபீசருக்கு போன் செய்கிறார். ‘உங்கள் இருவர் கையெழுத்தும் வேண்டும்’ என்று பதில் வருகிறது. ஒப்பந்தத்தின் பக்கத்தையும் பத்தியையும் எடுத்துக் காட்டுகிறார். அப்போதும் அதே பதில்தான்.

அந்த ஆபீசர் சோம்பலாலோ வாங்குபவருக்குச் சாய்வாகவோ அப்படிச் சொல்லவில்லை. கலிபோர்னியா உரிமையியல் சட்டத்தின் 1057ஆம் பிரிவு எஸ்க்ரோவை ஒரே வரியில் வரையறுக்கிறது: ஒரு நிபந்தனை நிறைவேறியதும் ஒப்படைக்க வேண்டிய பத்திரம் மூன்றாம் நபரிடம் இருந்தால் அது எஸ்க்ரோ. இதில் மூன்றாம் நபருக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் எதுவும் தரப்படவில்லை. அவர் இரு தரப்பின் முகவர்; இருவரும் எழுதிக் கொடுத்த அறிவுறுத்தலை எழுத்துக்கு எழுத்து செய்ய வேண்டியவர். 2002இல் மாநில உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதை இன்னும் கறாராகச் சொன்னது. ஒரு கடன்பத்திரம் வேறொரு நிறுவனத்துக்கு மாற்றித் தரப்பட்டது எஸ்க்ரோவை நடத்திய டைட்டில் கம்பெனிக்குத் தெரிந்திருந்தும், அறிவுறுத்தலில் எழுதியிருந்தபடி பழைய ஆளுக்கே பணத்தைக் கொடுத்தது. அந்த எஸ்க்ரோவில் தரப்பாக இல்லாத புதிய நிறுவனத்துக்குக் கம்பெனி கடமைப்பட்டதல்ல என்பது தீர்ப்பு. நியாயமாக யாருக்குச் சேர வேண்டும் என்பதைத் தன் பொறுப்பில் முடிவு செய்ய ஆபீசருக்கு இடமில்லை. அப்படி முடிவு செய்து தவறிப்போனால் நட்டம் அவர் தலையில்.

ஆகவே பணத்தை நகர்த்துவது ஒப்பந்தத்தில் உள்ள உரிமை இல்லை. ஆபீசரின் மேசைக்கு வந்து சேரும் காகிதம்தான் அதை நகர்த்துகிறது. எந்தக் காகிதம் என்பது விற்பனை முடிந்ததா முறிந்ததா என்பதைப் பொறுத்தது.

முடிந்த விற்பனையை முதலில் பார்த்துவிடலாம். அதில் சிக்கல் குறைவு. வாங்குபவரின் சொந்தப் பணமும் வங்கிக் கடனும் எஸ்க்ரோ கணக்குக்கு வந்திருக்க வேண்டும். விற்பவரின் பழைய கடனை அடைக்க எவ்வளவு என்று பழைய வங்கி எழுதித் தந்திருக்க வேண்டும். வில்லங்கம் தீர்ந்தது, காப்பீடு தரத் தயார் என்று டைட்டில் கம்பெனி சொல்ல வேண்டும். கடைசியாகக் கிரயப் பத்திரம் கவுண்ட்டி பதிவாளரிடம் பதிவாக வேண்டும். ஃப்ரீமான்ட் அலமீடா கவுண்ட்டியில் இருப்பதால் பத்திரம் அங்கே பதிவாகும். பதிவு எண் வந்துவிட்டது என்ற செய்திதான் விசை. அது வந்த பிறகே விற்பவருக்குப் பணம் கிளம்பும். விற்பவர் கையெழுத்துப் போட்டுச் சாவியும் கொடுத்த பிறகு ஒரு நாளோ இரண்டு நாளோ பணம் வராமலிருப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்: கடன் வந்திருக்கும், பதிவு மறுநாளுக்குத் தள்ளியிருக்கும். வாங்குபவர் பணத்தைக் காசோலையாகக் கொடுத்திருந்தால் இன்னும் தாமதம் ஆகலாம். பணம் உண்மையில் கணக்கில் சேர்ந்த பின்பே டைட்டில் கம்பெனி அதை வெளியே விடலாம் என்று மாநிலத்தின் காப்பீட்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. வயர் மூலம் வந்த பணத்தை அன்றே விடலாம். வங்கிக் காசோலைக்கு அடுத்த வேலை நாள் வரை காத்திருக்க வேண்டும். கடைசி நேரத்தில் விற்பவர் தன் வங்கிக் கணக்கு எண்ணை மின்னஞ்சலில் மாற்றி அனுப்பினாலும் பணம் நிற்கும். அந்த மின்னஞ்சல் திருடனுடையதாக இருக்கலாம் என்று ஆபீசர் சந்தேகப்பட்டாக வேண்டும். தன்னிடம் முன்பே உள்ள எண்ணில் கூப்பிட்டுக் கேட்பார். அந்த அழைப்பை எடுப்பதுதான் நல்லது.

முறிந்த விற்பனைதான் நேரம் தின்னும் விஷயம். ஒரு கணக்கை வைத்துப் பார்ப்போம். வீட்டின் விலை 12 லட்சம் டாலர். வாங்குபவர் 3 சதவீதமான 36,000 டாலரை எஸ்க்ரோவில் கட்டியிருக்கிறார். ஒப்பந்தம், கலிபோர்னியா ரியல்டர் சங்கம் அச்சிட்டுத் தரும் வழக்கமான படிவம். அதில் வாங்குபவர் விலகிக்கொள்ளச் சில வாசல்கள் திறந்திருக்கும்: வீட்டைச் சோதித்துப் பார்ப்பது, வங்கியின் மதிப்பீடு விலைக்குச் சமமாக வருவது, கடன் கிடைப்பது. இவற்றைக் கன்டின்ஜென்சி என்பார்கள். படிவத்தில் அச்சிட்ட கெடு பொதுவாக 17 நாள்; பேசிக் குறைக்கலாம், கூட்டலாம்.

மதிப்பீடு 11,40,000 என்று வருகிறது. வாங்குபவர் தயங்குகிறார். 17ஆம் நாள் ஓசையில்லாமல் கடக்கிறது. விற்பவர் இங்கே ஒரு கணக்கைத் தப்பாகப் போடுகிறார்: கெடு முடிந்தது, வாசலும் மூடிவிட்டது, 24ஆம் நாளில் விலகுகிறவர் ஒப்பந்தத்தை முறித்தவர், ஆகவே 36,000 தனக்கே. ஆனால் அந்தப் படிவத்தின்படி கெடு முடிவதால் மட்டும் வாசல் மூடுவதில்லை. வாங்குபவர் தன் கைப்பட, எழுத்தில், ‘இந்த நிபந்தனையை நீக்குகிறேன்’ என்று கொடுத்தால்தான் மூடும். அவர் கொடுக்காவிட்டால் விற்பவர் ‘நிறைவேற்றுங்கள்’ என்று ஒரு நோட்டீஸ் கொடுக்கலாம். அதற்கு வழக்கமான அவகாசம் 2 நாள். அதன்பிறகும் வாங்குபவர் நீக்காவிட்டால் விற்பவருக்குக் கிடைப்பது ஒப்பந்தத்தை ரத்துசெய்யும் உரிமைதான். முன்பணம் வாங்குபவருக்கே திரும்பும். நோட்டீஸ் கொடுக்காமல் சும்மா இருந்துவிட்டால் வாசல் 24ஆம் நாளிலும் திறந்தேதான் இருக்கும். இந்தக் கணக்கில் 36,000 டாலர் வாங்குபவருடையது. விற்பவர் கோபத்தில் கையெழுத்துப் போட மறுத்தால் பிழை அவர் பக்கம் வந்துவிடும்.

இப்போது கதையில் ஒரே ஒரு காகிதத்தை மாற்றுவோம். 18ஆம் நாளில் வாங்குபவர் எல்லா நிபந்தனைகளையும் எழுத்தில் நீக்கிவிடுகிறார். 29ஆம் நாளில் வங்கி கடனை மறுக்கிறது. பதிவு நாள் வருகிறது; பணம் வரவில்லை. இப்போது விற்பவருக்கு உரிமை பலமானது. கடன் கிடைக்காவிட்டால் விலகுவேன் என்ற பாதுகாப்பை வாங்குபவரே கைவிட்டுவிட்டார். அப்போதும் விற்பவர் அவசரப்பட்டு ரத்துசெய்யக் கூடாது. முதலில் ‘கிரயத்தை முடியுங்கள்’ என்று முறைப்படி ஒரு கோரிக்கை கொடுக்க வேண்டும். படிவத்தில் அதற்கு 3 நாள். அதைக் கொடுக்காமல் ரத்துசெய்தால் முறிவு யாரால் வந்தது என்ற விவாதத்துக்கு விற்பவரே வழிவிடுகிறார்.

இந்த இடத்தில் வாங்குபவர் ஒப்பந்தத்தின் ஒரு சிறிய கட்டத்தில் முதலெழுத்து போட்டிருக்கிறாரா என்று தேட வேண்டும். முறித்தால் இழப்பீடு இவ்வளவு என்று முன்கூட்டியே நிர்ணயிக்கும் ஷரத்து அங்கே இருக்கும். ஒன்று முதல் நான்கு குடியிருப்பு வரை உள்ள வீடு, அதில் தானே குடியிருக்கப் போவதாக வாங்குபவர் சொல்லியிருக்கிறார் என்றால், விலையில் 3 சதவீதம் வரை அந்த இழப்பீடு செல்லும் என்று 1675ஆம் பிரிவு கொள்கிறது. செல்லாது என்று நிரூபிக்கும் வேலை வாங்குபவருடையது. 3 சதவீதத்தைத் தாண்டினால் பாரம் மாறும். தாண்டிய தொகை நியாயம் என்று விற்பவர்தான் காட்ட வேண்டும். ஷரத்தில் இருவரும் தனியாகக் கையெழுத்தோ முதலெழுத்தோ போட்டிருக்க வேண்டும். அது தடித்த எழுத்தில் குறிப்பிட்ட அளவில் அச்சாகியிருக்க வேண்டும் என்று எழுத்தின் அளவு வரை சட்டம் சொல்கிறது. பின்னால் முன்பணத்தைக் கூட்டினால் கூட்டிய தொகைக்குத் தனியாக இன்னொரு முறை கையெழுத்து வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

அந்தக் கட்டம் காலியாக இருந்தால், ‘திருப்பித் தரப்படாது’ என்று முன்பணத்தின் தலையில் எழுதி வைத்தும் பயனில்லை. லகுனா பீச்சில் 1.4 கோடி டாலருக்குப் பேசிய ஒரு வீட்டில் வாங்குபவர் விலகினார்; விற்பவர்கள் முன்பணத்தில் 6 லட்சம் டாலரைத் தங்களிடம் வைத்துக்கொண்டார்கள்; வீட்டை வேறொருவருக்கு 1.5 கோடிக்கு விற்றார்கள். 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பணத்தை வைத்துக்கொண்டது செல்லாது என்றது. விலை ஏறிப் போனதால் விற்பவருக்கு அந்த அளவுக்கு இழப்பே இல்லை. இழப்பு இல்லாத இடத்தில் பணத்தைப் பறிமுதல் செய்வது தண்டனை, அதைச் சட்டம் ஏற்காது. ‘நான்-ரீஃபண்டபிள்’ என்ற சொல்லை மந்திரம் போல நம்புகிறவர்கள் படிக்க வேண்டிய தீர்ப்பு.

நம் கணக்குக்குத் திரும்புவோம். கட்டத்தில் முதலெழுத்து இருக்கிறது. முன்பணம் சரியாக 3 சதவீதம். வாங்குபவர் நிபந்தனைகளை எழுத்தில் நீக்கியிருக்கிறார். முடிக்கச் சொன்ன கோரிக்கையும் போயிருக்கிறது. ஆனாலும் பணம் தானாக நகராது. அந்த இழப்பீட்டு ஷரத்திலேயே, இருவரும் கையெழுத்திட்ட அறிவுறுத்தல், நீதிமன்ற முடிவு, நடுவர் தீர்ப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தால்தான் பணம் விடுவிக்கப்படும் என்று அச்சிட்டிருக்கிறது. விற்பவர்கள் ஷரத்தின் முதல் பாதியைப் படித்துவிட்டு இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்கள் என்பது என் ஊகம்.

மூன்றுக்கும் வெளியே ஒரு குறுக்கு வழியும் அண்மைக் காலப் படிவங்களில் வந்திருக்கிறது. ஒரு தரப்பு எஸ்க்ரோவுக்கு எழுத்தில் கோரிக்கை கொடுக்கலாம். எஸ்க்ரோ அதை மற்றவருக்குத் தெரிவிக்க வேண்டும். 10 நாளுக்குள் அவர் மறுப்புத் தெரிவிக்காவிட்டால் கோரியவருக்கே பணம் போகலாம். வேறு ஊருக்குப் போய்விட்ட, போனையே எடுக்காத வாங்குபவர்களிடம் இது பலிக்கும். ஆனால் மறுப்புக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ‘ஒப்புக்கொள்ளவில்லை’ என்று ஒரு வரி மின்னஞ்சல் போதும், பணம் மறுபடி உறைந்துவிடும்.

வீம்புக்காகக் கையெழுத்தை நிறுத்தி வைப்பதற்கு 1057.3ஆம் பிரிவில் தண்டனை உண்டு. எழுத்தில் கேட்டு 30 நாளாகியும், நேர்மையான தகராறு எதுவும் இல்லாமல் பணத்தை விடவிடாமல் செய்கிறவர், அந்தப் பணத்தோடு அதன் மூன்று மடங்கை இழப்பீடாகத் தர வேண்டும். வழக்கறிஞர் கட்டணமும் சேரும். மூன்று மடங்கு என்றதும் கண் விரியும். ஆனால் அடுத்த சொற்களிலேயே சட்டம் அதைச் சுருக்கிவிடுகிறது: குறைந்தது 100, அதிகபட்சம் 1,000 டாலர். 36,000 டாலரை மாதக்கணக்கில் முடக்குகிறவருக்கு 1,000 டாலர் பெரிய பயமில்லை. உண்மையில் கடிப்பது வழக்கறிஞர் கட்டணம்தான். அதையும் ‘நேர்மையான தகராறு’ என்ற வார்த்தை காக்கிறது. ஏதோ ஒரு காரணத்தை நேர்மையாக முன்வைக்க முடிகிறவர் தப்பித்துவிடுவார். சட்டமன்றம் இந்த உச்சவரம்பை உயர்த்தாமல் விட்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

தகராறு நீண்டால் எஸ்க்ரோ நிறுவனமே பணத்தை நீதிமன்றத்தில் கட்டிவிட்டு, ‘நீங்கள் இருவரும் இங்கே தீர்த்துக்கொள்ளுங்கள்’ என்று விலகலாம். இதற்கு இன்டர்ப்ளீடர் வழக்கு என்று பெயர். அந்த வழக்கு போட்ட செலவையும் தன் வழக்கறிஞர் கட்டணத்தையும் அந்த 36,000 டாலரிலிருந்தே எடுத்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிக்கலாம். சண்டை போடுகிற இருவரும் அவர்கள் சண்டை போடுகிற பொருளும் ஒன்றாகக் கரைகிற கட்டம் அது. தனி மனிதர்கள் வழக்கறிஞர் இல்லாமல் போகும் சிறுவழக்கு நீதிமன்றத்தின் வரம்பு 2024 முதல் 12,500 டாலர். இந்தத் தொகை அதற்குள் அடங்காது. படிவம் முதலில் சமரசப் பேச்சுக்குப் போகச் சொல்கிறது. போகாமல் வழக்குப் போட்டால் ஜெயித்தாலும் வழக்கறிஞர் கட்டணம் கேட்க முடியாமல் போகும். அதனால் பல தகராறுகள் முன்பணத்தை ஏதோ ஒரு விகிதத்தில் பங்கு போட்டு முடிகின்றன. விற்பவர் கேட்பதில் நியாயம் எத்தனை இருக்கிறது என்பதோடு, வீட்டை அடுத்தவருக்கு விற்க எத்தனை அவசரம் என்பதும் அந்த விகிதத்தை முடிவு செய்கிறது.

விற்பனை முடிந்த பிறகும் ஒரு பகுதி நிற்கும் நிலை ஒன்று உண்டு. கூரையில் பழுது. பதிவு நாளுக்குள் வேலை முடியாது. வாங்குபவரின் வங்கி சம்மதித்தால், விற்பவரின் தொகையில் 20,000 டாலரை எஸ்க்ரோவில் நிறுத்திவிட்டுக் கிரயத்தை முடிக்கிறார்கள். அறிவுறுத்தலில் ‘வேலை திருப்தியாக முடிந்ததும் விற்பவருக்குக் கொடுக்கவும்’ என்று எழுதுகிறார்கள். யாருடைய திருப்தி? ஆபீசர் கூரைமேல் ஏறிப் பார்க்கப் போவதில்லை. வாங்குபவர் திருப்தியில்லை என்றால் பணம் நின்றபடியே இருக்கும். இதையே ‘இன்ன எண்ணுள்ள கட்டட அனுமதிக்கு நகர ஆய்வாளர் இறுதி ஒப்புதல் கையெழுத்திட்ட அட்டையின் நகல் எஸ்க்ரோவுக்கு வந்த மூன்றாம் வேலை நாளில் விற்பவருக்கு, இன்ன தேதிக்குள் வராவிட்டால் முழுத் தொகையும் வாங்குபவருக்கு’ என்று எழுதினால் யாருடைய தயவும் தேவையில்லை. நல்ல விடுவிப்பு நிபந்தனைக்கு அடையாளம் இதுதான்: மேசையை விட்டு எழாமல், ஒரு காகிதத்தைப் பார்த்து, ஆம் அல்லது இல்லை என்று சொல்ல முடிய வேண்டும். நிறைவேறாவிட்டால் பணம் எங்கே போகும் என்பதும் அதே வாக்கியத்தில் இருக்க வேண்டும்.

கலிபோர்னியாவின் வளைகுடாப் பகுதியில் வீடு வாங்கி, பல ஆண்டுகளுக்குப் பிறகு சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ திரும்பிவிட்ட நம்மவர்களுக்கு வேறொரு நிறுத்தம் காத்திருக்கிறது. அதில் தகராறே இருக்காது. வாங்குபவர் நல்லவர், பதிவும் ஆகிவிட்டது. ஆனாலும் பணத்தின் ஒரு பெரிய துண்டு வராது. வரிக்கணக்கில் வெளிநாட்டவராகிவிட்ட ஒருவர் அமெரிக்காவில் உள்ள சொத்தை விற்றால், விலையில் 15 சதவீதத்தை வாங்குபவர் பிடித்து வைக்க வேண்டும் என்பது 1980இல் வந்த சட்டம். 10 சதவீதமாக இருந்த விகிதம் 2016இல் 15 ஆனது. வாங்குபவர் குடியிருக்க வாங்கும் வீடு, விலை 10 லட்சம் டாலருக்கு மேல் போகாதது என்றால் விகிதம் குறையும். 3 லட்சத்துக்குள் என்றால் பிடித்தமே இல்லை. வாங்குபவர் பிடிக்காமல் விட்டால் அந்த வரி அவர் தலையில் விழும். ஆகவே எந்த நட்பும் இங்கே உதவாது. கிரீன் கார்டு உள்ளவர்களும், வரிக்கணக்கில் அங்கே வசிப்பவராக இன்னும் எண்ணப்படுகிறவர்களும் தாங்கள் வெளிநாட்டவர் அல்ல என்று உறுதிமொழி கொடுத்துத் தப்பலாம். ஊர் திரும்பி ஆண்டுகள் ஆனவர்களுக்குப் பொதுவாக அது முடியாது.

பிடித்தம் இலாபத்தின்மேல் இல்லை, விலையின்மேல் என்பதைக் கணக்கில் பார்த்தால்தான் உறைக்கும். 9,50,000 டாலருக்கு வாங்கி, வாடகைக்கு விட்டிருந்த வீடு 12 லட்சத்துக்குப் போகிறது. விற்ற செலவு 70,000. இலாபம் சுமார் 1,80,000. பிடித்தமும் 12 லட்சத்தில் 15 சதவீதமான 1,80,000. வங்கிக்கு 7,50,000 பாக்கி இருந்தால், கடனும் செலவும் போக மிஞ்சும் 3,80,000இல் பாதிக்குக் கொஞ்சம் குறைவான தொகை நின்றுவிடும். கலிபோர்னியா மாநிலம் தன் பங்குக்கு விலையில் மூன்றேகால் சதவீதத்துக்குச் சற்றே மேலாக, நூற்றுக்கு மூன்றும் மூன்றில் ஒன்றும், அதாவது 40,000 டாலர் பிடிக்கும். இலாபத்தை வைத்துக் கணக்கிடும் மாற்று முறையை 593ஆம் படிவத்தில் தேர்ந்தெடுக்கலாம். அதைத் தேர்ந்தெடுக்காதவர்களுக்கு இந்த விகிதமே.

மத்திய வரியில் ஒரு வழி இருக்கிறது. உண்மையான வரி குறைவு என்று காட்டி 8288-பி என்ற படிவத்தில் வரித்துறையிடம் சான்றிதழ் கேட்கலாம். விண்ணப்பம் கிரயம் முடியும் நாளிலோ அதற்கு முன்போ போயிருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். போயிருந்தால், வாங்குபவர் 1,80,000 டாலரைப் பிடித்தாலும் உடனே அரசுக்குக் கட்ட வேண்டியதில்லை. தரப்பினர் எழுதிக் கொடுத்தால் அதை எஸ்க்ரோவிலேயே வைத்திருக்கலாம். முழுமையான விண்ணப்பத்துக்கு வரித்துறை வழக்கமாக 90 நாளுக்குள் முடிவு சொல்வதாக அறிவித்திருக்கிறது. கடிதம் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 20ஆம் நாளுக்குள் வரிக்குரிய தொகை அரசுக்குப் போக வேண்டும், மீதி விற்பவருக்கு. இங்கே விசை அந்தக் கடிதம். கிரயம் முடிந்த மறுநாள் விண்ணப்பித்தால் இந்த வசதி கிடையாது. 1,80,000 டாலர் 20 நாளில் அரசுக்குப் போய்விடும், அடுத்த ஆண்டு வரிக் கணக்கு தாக்கல் செய்து திரும்பக் கேட்க வேண்டியிருக்கும். விண்ணப்பிக்க அமெரிக்க வரி எண் வேண்டும். விற்கும் முடிவை எடுத்த அன்றே அது கையில் இருக்கிறதா, கூட்டு உரிமையாளரான மனைவிக்கோ கணவருக்கோ தனியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் வீட்டைச் சந்தைக்குக் கொண்டுவரும் முன்பே அதற்கு விண்ணப்பித்துவிடுங்கள்.